9×9 பலகையில் கோ: செயலியில் கற்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோ, ஷோகி, சீனச் சதுரங்கம் எல்லாமே பார்க்க ஆசையாக இருக்கிறது. செயலியை வைத்துத் தனியாகக் கற்க எது தோது?

நாங்கள் கோவைச் சொல்வோம். இருவர் கருப்பு, வெள்ளைக் கற்களை மாறி மாறிப் பலகையில் வைத்து நிலம் வளைக்கும் ஆட்டம் அது. இந்தப் பக்கமும் அதைப் பற்றியதுதான். சதுரங்கம் ஏற்கெனவே நன்றாக ஆடுபவராக இருந்தால் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் பாதி வழி உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். அதில் இடறும் இடங்கள் இரண்டு. காய்களின் மேலுள்ள சீன எழுத்துகளை அடையாளம் காண வேண்டும். பிடித்த காயை உங்கள் காயாகவே பலகையில் மறுபடி இறக்கலாம் என்பதற்குப் பழக வேண்டும். lishogi.org தளத்தில் எழுத்துக்குப் பதிலாகப் படம் போட்ட காய்களைத் தேர்ந்தெடுக்கலாம், தொடக்கப் பாடங்களும் அங்கேயே உண்டு. ஷோகியில் ராஜா தப்பிக்க வழியில்லை என்றால் ஆட்டம் முடிந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

கோ ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். விதிகள் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், ஆனால் ஆட்டம் எப்போது முடிந்தது, யார் ஜெயித்தார் என்பதுதான் தெரியாது. செயலியில் கற்கிறவர்கள் கைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான். அதனால் கீழே வரும் பதில்களில் பெரும்பகுதி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைப் பற்றியே இருக்கும்.

எந்தச் செயலியில் ஆரம்பிப்பது?

ஒன்று போதும் என்றால் online-go.com. உலாவியிலேயே ஓடும், இலவசம். விதிகளை ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்துப் பார்க்கவைக்கும் பாடங்கள், புதிர்கள், கணினி எதிராளிகள், மனித எதிராளிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. கணக்கே திறக்காமல் உடனே ஓர் ஆட்டம் ஆடிப்பார்க்க cosumi.net நல்லது. அங்கே 5×5 பலகையிலிருந்து 19×19 வரை கணினியோடு ஆடலாம். கைபேசியில் சிறு பாடங்களும் தினப் புதிர்களும் வேண்டுமென்றால் BadukPop இருக்கிறது.

எதை எடுத்தாலும் முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: ஆட்டம் முடிந்ததும் எந்தக் கற்கள் செத்தவை, எந்தப் புள்ளிகள் யாருடையவை என்று பலகையிலேயே குறியிட்டுக் காட்டுகிறதா? "வெள்ளை வென்றது" என்று ஒரு வரி மட்டும் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும் செயலியில் எவ்வளவு ஆடினாலும் கடைசிக் கட்டம் பிடிபடாது.

உண்மையான பலகை 19×19 தானே? 9×9 குழந்தைகளுக்கானது இல்லையா?

இல்லை. விதி ஒன்றுதான், எண்ணும் முறையும் ஒன்றுதான். 19×19 பலகையில் 361 புள்ளிகள், 9×9 பலகையில் 81. பெரிய பலகையில் ஓர் ஆட்டம் முடிய இருநூறு நகர்வுகளுக்கு மேல் போகும். அதற்குள் நீங்கள் எங்கே தவறினீர்கள் என்பது புதைந்துபோகும். 9×9 ஆட்டம் பெரும்பாலும் ஐம்பது நகர்வு, அறுபது நகர்வுக்குள் முடியும். ஒரே உட்காருகையில் மூன்று முறை "முடிவு" என்பதைப் பார்க்கலாம். நமக்கு வேண்டியது அந்த முடிவுதான்.

கல் வைப்பது கட்டத்துக்குள் அல்ல, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில். புள்ளிகளின் பெயர் திரையின் ஓரத்தில் இருக்கும்: இடமிருந்து வலமாக A, B, C, D, E, F, G, H, J, கீழிருந்து மேலாக 1 முதல் 9. I என்ற எழுத்தை வழக்கமாகத் தவிர்ப்பார்கள், H-க்கு அடுத்தது J. அதை மறந்தால் இந்தப் பக்கத்திலுள்ள உதாரணங்கள் ஒரு கோடு தள்ளிப்போய்விடும்.

பாடங்களை எல்லாம் முடித்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் பச்சைக் குறி விழுந்தது. ஆனால் முதல் ஆட்டத்தில் எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ஏன்?

பாடங்கள் கற்றுத்தருவது பிடிப்பதை. ஒரு கல்லை ஒட்டி மேலும் கீழும் இடமும் வலமும் உள்ள காலிப் புள்ளிகள் அதன் மூச்சு. நடுப்பலகையில் தனிக் கல்லுக்கு நான்கு மூச்சு, ஓரத்தில் மூன்று, மூலையில் இரண்டு. கோட்டின் வழியே தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே நிறக் கற்கள் ஒரு கூட்டம், அவற்றுக்கு மூச்சும் பொது. கடைசி மூச்சை எதிராளி அடைத்தால் கூட்டம் முழுவதும் பலகையை விட்டுப் போகும். ஒரே மூச்சு மிஞ்சியிருக்கும் நிலைக்கு அடாரி என்று பெயர்.

இதைக் காட்டப் பாடங்கள் "முதலில் ஒரு கல்லைப் பிடிப்பவர் வெற்றி" என்ற சுருக்க ஆட்டத்தை ஆடவைக்கும். நல்ல பயிற்சிதான், ஆனால் ஒரு பழக்கத்தை விட்டுப்போகும்: எங்கே எதிரிக் கல் இருக்கிறதோ அதன் அருகிலேயே வைப்பது. முழு ஆட்டத்தில் குறிக்கோள் வேறு. காலிப் புள்ளிகளைச் சுற்றி வளைத்து உங்கள் நிலமாக்க வேண்டும். பிடிப்பது அதற்கு ஒரு வழி மட்டுமே. எங்கே வைப்பது என்று தெரியாதபோது 9×9 பலகையில் E5, C3, C7, G3, G7 ஆகிய ஐந்து புள்ளிகளில் ஒன்றில் தொடங்குங்கள். பல செயலிகளில் இவை சிறு கரும்பொட்டோடு தெரியும். பிறகு உங்கள் கல்லுக்கும் பலகை ஓரத்துக்கும் இடையே எவ்வளவு இடத்தை அடைக்க முடியும் என்று பாருங்கள். முதல் பத்து நகர்வுக்கு அது போதும்.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? செயலி எதுவும் சொல்லவில்லை.

சொல்லாது. கோ ஆட்டத்தை முடிப்பது ஆடுபவர்கள்தான்: ஒருவர் Pass அழுத்துகிறார், அடுத்தவரும் Pass அழுத்துகிறார், ஆட்டம் நிற்கிறது. இனி எங்கே வைத்தாலும் லாபமில்லை என்று இருவரும் நினைத்ததற்கு அது அடையாளம்.

Pass அழுத்துவதற்கு முன் எல்லைக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் நடந்து பாருங்கள். உங்கள் கற்களும் எதிராளியின் கற்களும் ஒன்றையொன்று தொட்டபடி பலகை ஓரம் வரை போகின்றனவா? புதியவர்கள் விடும் ஓட்டை பெரும்பாலும் முதல் கோட்டில், அதாவது பலகையின் விளிம்பிலேயே இருக்கும். இரண்டாம் கோட்டில் சுவர் முடிந்துவிட்டதால் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வார்கள். எதிராளி விளிம்பில் ஊர்ந்து உள்ளே வந்து இரண்டு மூன்று புள்ளிகளைத் தின்றுவிடுவார். அடுத்து, உங்கள் கூட்டம் ஏதாவது அடாரியில் நிற்கிறதா என்று பாருங்கள். எல்லை மூடியிருந்து அடாரியும் இல்லையென்றால் தயங்காமல் Pass. தேவையில்லாமல் சொந்த நிலத்துக்குள்ளேயே கல் போடுவதை விட அது மேல்.

என் நிலத்துக்குள் எதிராளியின் கல் ஒன்று நிற்கிறது. நான் அதைப் பிடிக்கவே இல்லை. கடைசியில் செயலி அதைத் தானாக எடுத்துவிட்டது. இது எப்படி நியாயம்?

ஒரு முடிந்த ஆட்டத்தை வைத்தே பார்த்துவிடுவோம். எண்ண எளிதாக இருக்க எல்லைச் சுவரை நேர்கோடாக வைத்திருக்கிறோம். உண்மை ஆட்டங்களில் அது வளைந்து நெளிந்துதான் போகும்.

```
   A B C D E F G H J
9  . . . . ● ○ . . .
8  . . . . ● ○ . ○ .
7  . . ● . ● ○ . ● .
6  . . . . ● ○ . . .
5  . . ● . ● ○ . ○ .
4  . . . . ● ○ . . .
3  . . ● . ● ○ . . .
2  . . . . ● ○ . ○ .
1  . . . . ● ○ . . .
```

கருப்பின் கற்கள் 13, வெள்ளையின் கற்கள் 12. கடைசியாக வைத்தது கருப்பு. இதுவரை யாரும் எதையும் பிடிக்கவில்லை. இப்போது வெள்ளை Pass, கருப்பு Pass.

சிக்கல் H7-இல் இருக்கிற கருங்கல். அதற்கு G7, J7, H6 என்று மூன்று மூச்சு இன்னும் இருக்கிறது. ஆனால் அது எங்கும் போக முடியாது. இடப்பக்கம் F சுவர், மேலே H8, கீழே H5. அந்தச் சிறு இடுக்கில் கருப்பு தனியாக வாழ ஒரு வடிவம் அமைக்கவும் இடமில்லை. கருப்பு அங்கே என்ன செய்தாலும் வெள்ளை பதில் சொல்லிப் பிடித்துவிடும். அப்படிப்பட்ட கல் "செத்த கல்". அதைக் கடைசிவரை துரத்திப் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை, முடிவில் கைதியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஜப்பானிய முறையில் எண்ணுவோம், அதாவது காலி நிலமும் கைதிகளும் மட்டும் புள்ளி. கருப்பின் பக்கம் A முதல் D வரை 36 புள்ளி, அதில் மூன்றில் கருப்பின் சொந்தக் கல். மிச்சம் 33. வெள்ளையின் பக்கம் G, H, J கோடுகளில் 27 புள்ளி, அதில் மூன்றில் வெள்ளைக் கல். மிச்சம் 24, H7-இலிருந்து கல்லை எடுத்துவிட்டதால் அந்தப் புள்ளியும் இந்த 24-க்குள் வந்துவிட்டது. எடுத்த கைதி ஒன்று, ஆக 25. கருப்பு முதலில் ஆடுவதால் வெள்ளைக்கு ஈடாகச் சில புள்ளிகள் தருவார்கள், அதற்குக் கோமி என்று பெயர். அது எவ்வளவு என்று திரையிலேயே இருக்கும். இங்கே 6.5 என்று கொள்வோம். வெள்ளை 31.5, கருப்பு 33. கருப்பு ஒன்றரைப் புள்ளியில் வெற்றி.

வெள்ளை பயந்து G7, J7, H6 மூன்றிலும் கல் வைத்து அந்த ஒற்றைக் கல்லை உண்மையாகவே பிடித்திருந்தால்? கருப்பு ஒவ்வொரு முறையும் Pass சொல்லிக்கொண்டிருக்கும். வெள்ளை தன் நிலத்தில் மூன்று புள்ளிகளைத் தானே நிரப்பிக்கொண்டதுதான் மிச்சம்: 25 இருந்த இடத்தில் 22. தோல்வி ஒன்றரையிலிருந்து நாலரைக்குப் போகும். செத்த கல்லைத் தொடக் கூடாது என்று ஜப்பானிய முறையில் சொல்வது இதனால்தான்.

ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் என் நிலம் முழுவதையும் செயலி "யாருக்கும் இல்லை" என்று காட்டியது. செயலியில் பிழையா?

பெரும்பாலும் பிழை இல்லை. இரண்டு பேரும் Pass சொன்ன பிறகு online-go.com போன்ற இடங்களில் செத்த கற்களைக் குறிக்கும் ஒரு கட்டம் வரும். கணினி தானாக ஓர் ஊகத்தைப் போட்டுக் காட்டும். தவறென்றால் அந்தக் கூட்டத்தின் மேல் சொடுக்கினால் உயிரோடு என்பதிலிருந்து செத்தது என்று மாறும், மறுபடி சொடுக்கினால் திரும்பும். இருவரும் Accept அழுத்திய பிறகே முடிவு பதிவாகும்.

மேலே உள்ள பலகையில் H7-ஐச் செத்தது என்று குறிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். G, H, J கோடுகளின் காலிப் புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. அவை வெள்ளைக் கற்களையும் தொடுகின்றன, "உயிரோடிருக்கும்" ஒரு கருங்கல்லையும் தொடுகின்றன. இரு நிறத்தையும் தொடும் பரப்பு யாருக்கும் சொந்தமில்லை. வெள்ளையின் 25 புள்ளியும் பூஜ்யம். கருப்பு 33, வெள்ளை வெறும் 6.5. ஒரு சொடுக்கு தவறியதால் ஒன்றரை 26.5 ஆகிவிடுகிறது.

ஆகவே எண்ணிக்கை வந்ததும் உடனே Accept அழுத்தாதீர்கள். நிலப் புள்ளிகளின் மேல் சிறு சதுரக் குறிகள் உங்கள் நிறத்தில் இருக்கின்றனவா என்று மூலை மூலையாகப் பாருங்கள். ஒரு பெரிய பகுதி குறியே இல்லாமல் கிடந்தால் காரணம் இரண்டில் ஒன்றுதான். செத்த கல் குறிக்கப்படவில்லை, அல்லது உங்கள் சுவரில் ஓட்டை இருக்கிறது. செத்த கல்லைச் சொடுக்கிச் சரிசெய்யலாம். ஓட்டை என்றால், அல்லது எதிராளி "அந்தக் கல் சாகவில்லை" என்று பிடிவாதம் பிடித்தால், ஆட்டத்தைத் தொடரும் பொத்தானை அழுத்தி ஆடியே தீர்த்துக்கொள்ளலாம்.

செயலியில் ஜப்பான் விதி, சீன விதி என்று கேட்கிறது. எதைத் தேர்வது?

ஆரம்பத்தில் சீனம். ஜப்பானிய முறையில் காலி நிலமும் கைதிகளும் புள்ளி. சீன முறையில் காலி நிலமும் பலகையில் உயிரோடு நிற்கும் உங்கள் கற்களும் புள்ளி, கைதிகளுக்கு மதிப்பில்லை. அதே பலகையை எண்ணினால் கருப்பு 36 + 9 = 45, வெள்ளை 27 + 9 = 36. இரண்டும் சேர்த்து 81, எண்ணியது சரிதானா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கோமி சேர்த்து வெள்ளை 42.5. கருப்பு இரண்டரையில் வெற்றி. ஒரு புள்ளி வேறுபடுவது கருப்பு ஒரு கல் கூடுதலாக வைத்ததால்.

புதியவருக்கு இதில் உள்ள வசதி வேறு. H7 செத்ததா இல்லையா என்று சந்தேகமா? சீன விதியில் G7, J7, H6 மூன்றிலும் வைத்துப் பிடித்தே பாருங்கள். நிரப்பிய புள்ளிகள் கல்லாக எண்ணப்படும், வெள்ளையின் 36 அப்படியே இருக்கும். தண்டனை இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். எந்தக் கல் செத்தது என்று பார்த்தவுடன் சொல்லும் அளவுக்குப் பழகிய பிறகு ஜப்பானிய முறைக்கு மாறுங்கள். அங்கே வீண் நகர்வு ஒவ்வொன்றும் உறைக்கும், அதுவும் ஒரு பயிற்சிதான்.

எந்தக் கூட்டம் வாழும், எது சாகும்? "இரண்டு கண்" என்கிறார்களே, அது எப்போது உண்மையான கண்?

இடது கீழ் மூலையில் கருப்பு A2, B2, B1, C2, D2, D1 ஆகிய ஆறு கற்களை வைத்திருக்கிறது என்று வையுங்கள். வெளியே வெள்ளை A3, B3, C3, D3, E2, E1 எனச் சுற்றி வளைத்துவிட்டது. கருப்புக்கு A1, C1 என்று இரண்டு உள் மூச்சுகள். சொந்தக் கற்கள் சூழ்ந்த இப்படிப்பட்ட காலி இடம்தான் கண். வெள்ளை A1-இல் வைக்க முயன்றால் அந்தக் கல்லுக்கு மூச்சே இல்லை, கருப்புக்கோ C1 மிச்சம் இருக்கிறது. ஆகவே அது செல்லாத நகர்வு, செயலி அனுமதிக்காது. C1-இல் முயன்றாலும் அதே கதை. ஒரே நேரத்தில் இரண்டையும் அடைக்க முடியாது. இந்தக் கூட்டத்தை இனி யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இப்போது ஒரே ஒரு மாற்றம். D2-இல் கருப்புக்குப் பதில் வெள்ளைக் கல். பார்வைக்கு A1, C1 இரண்டும் இன்னும் கண்போலவே தெரியும். ஆனால் D1 கருங்கல்லுக்கு C1 ஒன்றே மூச்சு. வெள்ளை C1-இல் வைத்தால் D1 பிடிபட்டுப் பலகையை விட்டுப் போகிறது. மிச்சமுள்ள A2, B2, B1, C2 நான்குக்கும் A1 மட்டுமே மூச்சு. C1 கண்ணே அல்ல, போலிக் கண். அதைக் காப்பாற்றக் கருப்பு தானே முன்கூட்டி C1-ஐ நிரப்பினால் ஒற்றைக் கண்ணோடு நின்று சாகும்.

பார்க்க வேண்டியது கண்ணைச் சுற்றியுள்ள கற்கள் எல்லாம் ஒரே கூட்டமாக இணைந்திருக்கின்றனவா என்பது. கண்ணைச் சுற்றி நிற்கும் கல் எதாவது அந்தக் கண்ணின் வழியாக மட்டுமே மற்றவற்றோடு சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

கண் இன்னும் இரண்டாகப் பிரியாத வடிவங்களும் உண்டு. உள்ளே மூன்று காலிப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் நடுப்புள்ளியில் முதலில் வைப்பவர் கை ஓங்கும்: நீங்கள் வைத்தால் இரண்டு கண், எதிராளி வைத்தால் சாவு. வரிசையாக நான்கு இருந்தால் அவசரமில்லை, எதிராளி நடுவில் ஒன்றில் வைத்தால் நீங்கள் மற்றதில் வைக்கலாம். நான்கு புள்ளிகள் சதுரமாக இருந்தாலோ நீங்கள் முதலில் வைத்தாலும் வாழ்வு வராது. இந்த மூன்று வடிவம் தெரிந்தாலே 9×9 ஆட்டங்களில் வரும் பெரும்பாலான சாவுகளை முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

காலியாக இருக்கும் புள்ளியில் செயலி என்னை வைக்க விடவில்லை. ஏன்?

ஒன்று, மூச்சில்லாத இடம். மேலே A1-இல் பார்த்தது. இன்னொன்று கோ தடை. தமிழில் எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஆட்டத்தின் பெயர் வேறு சொல், இது வேறு சொல். அந்தப் போலிக் கண் உதாரணத்திலேயே அது வந்துவிட்டது. வெள்ளை C1-இல் வைத்து D1-ஐ எடுத்ததும், கருப்பு D1-இல் திரும்ப வைத்தால் C1-ஐ எடுத்துவிடலாம்போல இருக்கும். அப்படி எடுத்தால் பலகை முந்தைய நிலைக்கே திரும்பும், பிறகு வெள்ளை மறுபடி எடுக்கும், முடிவே இராது. அதனால் உடனே திருப்பி எடுக்கக் கூடாது. முதலில் வேறெங்காவது எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டிய மிரட்டல் ஒன்றைப் போட வேண்டும். அவர் அதற்குப் பதில் சொன்னால் உங்களுக்கு D1 திறந்துவிடும். அவர் மிரட்டலைக் கண்டுகொள்ளாமல் A1-இல் வைத்து மூலையை எடுத்துக்கொண்டால், நீங்கள் மிரட்டிய இடத்தில் கிடைப்பது அதற்கு ஈடாகுமா என்பதுதான் கணக்கு.

கணினியோடு ஆடுவதா, மனிதர்களோடா? கணினி என் நிலத்துக்குள்ளேயே கல் போட்டுக்கொண்டே இருக்கிறது, எரிச்சலாக வருகிறது.

முதல் இருபது ஆட்டம் வரை கணினி போதும். யாரும் காத்திருக்க மாட்டார்கள், நேரக் கெடுபிடியும் இல்லை. மிகப் பலவீனமான நிலையில் வையுங்கள். அப்படியும் தோற்றுக்கொண்டே இருந்தால் முன்கற்கள் இரண்டோ மூன்றோ வாங்கிக்கொள்ளுங்கள். அவை மேலே சொன்ன ஐந்து புள்ளிகளில், ஆட்டம் தொடங்கும் முன்பே உங்கள் கற்களாக வைக்கப்படும்.

உங்கள் நிலத்துக்குள் வந்து விழும் கல்லுக்கு எப்போதும் பதில் வைக்க வேண்டும் என்பதில்லை. ஜப்பானிய முறையில் கணினி ஒரு கல்லை வீணாகப் போட்டு நீங்கள் Pass சொன்னால் உங்களுக்கு ஒரு புள்ளி லாபம். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் உள்ளேயே பதில் வைத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதே இடத்தில் அது இன்னொரு கல் வைத்தால் என் கூட்டம் ஏதாவது சாகுமா, அல்லது அதற்கு இரண்டு கண் வருமா? ஆம் என்றால் பதில் வையுங்கள். இல்லையென்றால் Pass.

Undo பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. விரல் தவறி வைத்த கல்லுக்கு அதைப் பயன்படுத்தலாம். எதிராளியின் பதிலைப் பார்த்த பிறகு பின்வாங்கப் பயன்படுத்தினால் மூச்சை எண்ணும் பழக்கமே வராது. அந்த ஆட்டத்தை அப்படியே தோற்றுவிட்டு, முடிந்த பிறகு நகர்வுகளைப் பின்னோக்கி ஓட்டி, முதல் அடாரியைத் தவறவிட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது நல்லது. பெரும்பாலும் கல் பறிபோன இடத்துக்கு மூன்று நான்கு நகர்வு முன்பே அது இருக்கும்.

தினமும் புதிர் போடுகிறேன், பத்துக்கு எட்டு சரியாக வருகிறது. ஆட்டத்தில் அது உதவவில்லையே?

எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாழ்வா சாவா புதிர்களில் செயலி நீங்கள் வைத்தவுடனே சரி, தவறு என்று சொல்லிவிடும். அதனால் கை முந்திக்கொள்ளும். ஒரு புள்ளியைத் தட்டுவது, சிவப்பு வந்தால் அடுத்ததைத் தட்டுவது என்று போனால் பத்துக்கு எட்டு எளிதாக வரும்.

முதல் கல்லைத் தொடுவதற்கு முன் மூன்று நகர்வை மனத்தில் ஓட்டுங்கள்: நான் இங்கே, அவர் அங்கே, நான் இங்கே. எதிராளிக்கு இரண்டு பதில் இருந்தால் இரண்டுக்கும் உங்கள் அடுத்த நகர்வு தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஓட்ட முடியாத புதிர் உங்களுக்குக் கடினம், ஒரு படி எளிதான தொகுப்புக்குப் போங்கள். நாளொன்றுக்கு இப்படி ஐந்து புதிர் போதும். ஆட்டத்தில் "இது செத்த கல்" என்று நம்பிக்கையோடு Pass அழுத்தத் தேவையானதும் இதே பயிற்சிதான்.

13×13, 19×19 பலகைக்கு எப்போது மாறலாம்? 30 கியூ, 20 கியூ என்று போடுவதைப் பார்த்து மாறலாமா?

கியூ என்பது ஆடுபவரின் தரநிலை. அந்த எண் குறையக் குறைய பலம் கூடுகிறது என்று பொருள். 1 கியூவுக்கு மேல் 1 டான். 19×19 பலகையில் இரு ஆட்டக்காரர்களுக்கு இடையே எத்தனை படி வித்தியாசமோ அத்தனை முன்கற்கள் என்பது ஏறக்குறைய வழக்கம். ஆனால் செயலிக்குச் செயலி அளவுகோல் மாறும், ஆகவே அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இப்படிச் சோதியுங்கள். இருவரும் Pass சொன்னதும் திரையை உடனே பார்க்காமல், எந்தக் கற்கள் செத்தவை, யாருக்கு எத்தனை புள்ளி என்று நீங்களே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செயலியின் கணக்கோடு ஒப்பிடுங்கள். தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் இரண்டும் ஒத்துப்போனால் 13×13-க்குப் போகலாம், வென்றீர்களா தோற்றீர்களா என்பது இங்கே பொருட்டல்ல. ஒத்துப்போகாத ஆட்டத்தில் வித்தியாசம் ஒன்றிரண்டு புள்ளியா, பத்துக்கு மேலா என்று பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் எண்ணுவதில் பிசகு அல்லது விளிம்பில் ஓட்டை. பத்துக்கு மேல் என்றால் ஒரு முழுக் கூட்டத்தின் வாழ்வையோ சாவையோ தவறாகப் படித்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தின் கண்களை மேலே D2-ஐ மாற்றிப் பார்த்ததுபோல ஒவ்வொரு கல்லாகச் சோதித்தால் போலிக் கண் அகப்பட்டுவிடும்.